‘விக்கமாட்டன்’ வேறு, ‘இப்ப ஏலாது’ வேறு: ஊர்க் காணியும் கூடப்பிறந்தவர்களும்

புலம்பெயர்ந்த குடும்பங்களில் தாய் தகப்பன் இருவரும் காலமான பிறகு, ஓரிரு வருடங்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். “காணிக்கு ஒரு நல்ல ஆள் வந்திருக்கு. காசு கையில வைச்சிருக்கிறார். மூண்டு கிழமைக்குள்ள உறுதி முடிக்கவேணும் எண்டு நிக்கிறார். நீ அற்றோணி எழுதி அனுப்பு.” அழைப்பது அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கும். எங்களுக்கு அது பிடிக்காது. ஆனால் ‘மாட்டன்’ என்று சொன்னால் சண்டை, ‘ஓம்’ என்று சொன்னால் பிறகு மனவருத்தம். பலர் இரண்டும் சொல்லாமல் அழைப்பை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றிலும் மோசமானது அந்த மௌனம்தான். மௌனத்தை ஊரில் இருப்பவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முற்பணம் வாங்கிவிடுவார்.

கணக்கு வேலை செய்யும் எங்களிடம் வருமான வரிக்கு வருகிறவர்கள், கடைசியில் இந்தக் கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அவசர விற்பனையை மறுக்கும்போது காணியை மறுக்கவேண்டியதில்லை, அவசரத்தை மட்டும் மறுத்தால் போதும் என்பதே அவர்களுக்கு நாங்கள் சொல்வது. அதற்கு மூன்று வேலைகள் செய்யவேண்டும். எங்கள் மறுப்புக்கு எவ்வளவு பலம் உண்டு என்று தெரிந்திருக்கவேண்டும். அவசரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டறியவேண்டும். மறுப்பைத் திகதி போட்டுச் சொல்லவேண்டும்.

மறுப்புக்கு எவ்வளவு பலம்?

பிரிக்கப்படாத காணியில் ஒவ்வொரு பங்காளிக்கும் முழுக் காணியிலும் பங்கு உண்டு. கிணற்றடி அண்ணனுக்கு, முன்வளவு தங்கச்சிக்கு என்று எதுவும் இல்லை. ஆகவே எங்கள் கையெழுத்து இல்லாமல் முழுக் காணியையும் யாரும் விற்கமுடியாது. இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதியால்தான் செல்லும். 1840 ஆம் ஆண்டிலிருந்து இதுதான் சட்டம். விற்பதற்கான ஒப்பந்தமும் அப்படியே எழுதப்படவேண்டும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட ‘ஓம்’ காணியை விற்றுவிடாது. ஆனால் அந்த ‘ஓம்’ஐ நம்பி அண்ணன் பத்து இலட்சம் முற்பணம் வாங்கியிருந்தால், அந்தக் காசும் ஊரில் அவருடைய சொல்லும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். எனவே முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி இது: “அண்ணை, முற்பணம் ஏதும் வாங்கிட்டீங்களோ?”

அதேநேரம் எங்கள் மறுப்பு நிரந்தரப் பூட்டும் அல்ல. ஒரு பங்காளி தன்னுடைய பிரிபடாத பங்கை மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் விற்கலாம். வடமாகாணத்துக் காணிகளில் தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. வெளியாளுக்கு விற்குமுன் அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆனால் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் பங்காளியாக வந்துவிடுவார். அத்தோடு, எந்தப் பங்காளியும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் காணியைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். பிரிக்கமுடியாத சிறு காணி என்றால் நீதிமன்றமே விற்கச் சொல்லலாம். இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். செலவு எல்லாப் பங்காளிகளின் தலையிலும் விழும்.

இதை அறிந்து வைத்திருப்பது பயமுறுத்துவதற்கு அல்ல. ‘என்ர கையெழுத்து இல்லாமல் நீங்கள் ஒண்டும் செய்யேலாது’ என்று சொன்னால் அது பாதி உண்மை. அடுத்த நாள் அண்ணன் ஒரு வழக்கறிஞரைக் கண்டு மற்றப் பாதியை அறிந்துகொண்டு வருவார். அதன் பிறகு பேச்சு வழக்கறிஞர்களின் பேச்சாகிவிடும்.

‘அப்படியெண்டால் உங்கட பங்கை நானே வாங்குறன்’ என்று ஆவேசத்தில் சொல்பவர்களும் உண்டு. இதிலும் ஒரு தடை இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போன நாங்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். மரபுரிமையாக வரும் பங்குக்கு அந்தத் தடை இல்லை. இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள தங்கச்சி அண்ணனின் பங்கை விலைக்கு வாங்குவதாக வாக்குக் கொடுக்குமுன் வழக்கறிஞரைக் கேட்கவேண்டும். நிறைவேற்றமுடியாத வாக்கு, மறுப்பைவிடப் பெரிய கோபத்தைக் கொண்டுவரும்.

அவசரம் யாருடையது?

இனி ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆட்களை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக ஒழுங்கு செய்யப்பட்டவை, ஆகவே அவற்றைச் சந்தை விலையாக எடுக்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம். பழைய உறுதியில் ஆறு பரப்பு என்று எழுதப்பட்ட வளவும், ஓடு விழுந்த ஒரு வீடும். தகப்பன் முதலில் காலமானார். காணி தாயின் பெயரில் இருந்தது. தாய் 2021 இல் காலமானபோது மரணசாதனம் எழுதியிருக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. அண்ணன் ஊரில், தங்கச்சி ரொறன்ரோவில், தம்பி லண்டனில். வாங்க வந்தவர் பரப்புக்கு 20 இலட்சம் ரூபா பேசினார். மொத்தம் 120 இலட்சம், ஆளுக்கு 40 இலட்சம். மூன்று கிழமைக்குள் உறுதி முடியவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

தங்கச்சி முதலில் விலையைப் பற்றிப் பேசவில்லை. “அண்ணை, உங்களுக்கு இப்ப எவ்வளவு காசு தேவைப்படுது?” என்று தனியாகக் கேட்டார். குழு அழைப்பில், மச்சாளும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அண்ணன் இதற்குப் பதில் சொல்லமாட்டார். தனியாகக் கேட்டபோது சொன்னார். வங்கியிலும் வெளியிலும் கடன் 14 இலட்சம், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆக, அவசரமானது 14 இலட்சம். விற்கப்பட இருந்ததோ 120 இலட்சம் பெறுமதியான காணி.

எல்லா அவசரமும் இப்படிக் கடனால் வருவதல்ல. சிலருக்குத் தனியாக வளவைப் பார்த்துக் களைத்துப் போயிருக்கும். சிலருக்கு, பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போடுகிறார் என்ற பயம். சில இடங்களில் அவசரம் வாங்குபவருடையது மட்டுமே. அண்ணன் அதைக் கடத்திக்கொண்டு வருகிறார், அவ்வளவுதான். கடன் என்றால் கடனுக்கு வழி தேடவேண்டும். களைப்பு என்றால் பராமரிப்பைப் பொறுப்பேற்கவேண்டும். வேலி என்றால் நில அளவையாளரை அனுப்பவேண்டும். வாங்குபவரின் அவசரம் என்றால், ‘ஏன் மூன்று கிழமை?’ என்று அவரிடமே கேட்கலாம். உண்மையான காணிக்காரன் உறுதி சுத்தமாக இருப்பதற்காகச் சில மாதம் பொறுப்பான். பொறுக்கமாட்டேன் என்பவர் பெரும்பாலும் இன்னொருவருக்குக் கைமாற்றி இலாபம் பார்க்க நினைப்பவர்.

மூன்று கிழமையில் ஏன் முடியாது?

மறுப்புக்குக் காரணம் சொல்லும்போது ‘அம்மா இருந்த வீடு’ என்று தொடங்கினால் ஊரில் இருப்பவருக்கு அது குத்தும். அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தானே. அதைவிட, செய்து முடிக்கவேண்டிய வேலைகளைக் காரணமாகச் சொல்வது நல்லது. வேலைகளோடு யாரும் கோபிக்கமுடியாது. இந்தக் குடும்பத்தில் அப்படி மூன்று வேலைகள் இருந்தன.

ஒன்று, உரிமை. மரணசாதனம் இல்லாமல் இறந்தவரின் சொத்து, சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு மேற்பட்டதாக இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடிந்த பிறகுதான் சுத்தமாகக் கைமாறும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். காணிப் பதிவகத்தில் தோம்புப் பிரதி எடுத்து, பழைய ஈடு ஏதும் மீளாமல் கிடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சீதனம் எழுதிக்கொடுத்த மகள் உள்ள குடும்பங்களில் பங்குக் கணக்கே மாறக்கூடும். அதை விலை பேசுமுன் கேட்டுத் தெளியவேண்டும்.

இரண்டு, அளவும் விலையும். பழைய உறுதியில் உள்ள பரப்புக்கும் இன்று வேலிக்குள் உள்ள பரப்புக்கும் வித்தியாசம் இருப்பது வழமை. ஒழுங்கை அகலித்திருக்கும், மதில் நகர்ந்திருக்கும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். கால் பரப்புக் குறைந்தாலும் இந்தக் கணக்கில் அது ஐந்து இலட்சம். விலைமதிப்பாளரிடம் இரண்டு விலை கேட்கவேண்டும்: இன்றைய விலை ஒன்று, தாய் இறந்த திகதியின் விலை மற்றது. இரண்டாவது எதற்கு என்றால், கனடாவிலும் பிரித்தானியாவிலும் மரபுரிமைச் சொத்தின் இலாபத்தைக் கணக்கிடும்போது, இறந்த நாளின் சந்தை விலையே எங்களுடைய அடக்கவிலை. அந்த மதிப்பீடு கையில் இல்லாவிட்டால், வரி இலாகா கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இராது. இலங்கையிலும் 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி நடைமுறையில் இருக்கிறது. விற்றபிறகு பழைய விலைக்கு ஆதாரம் தேடி அலைவதைவிட, முன்பே எடுத்து வைப்பது சுலபம்.

மூன்று, கையெழுத்து. வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் கொடுப்பதற்குப் பொதுவாக இலங்கைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களும், அகதி நிலையில் இருந்து குடியுரிமை எடுக்காதவர்களும் தூதரகப் படி ஏறுமுன் தங்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்கவேண்டும். எந்த அரசுக்குப் பயந்து வந்தோம் என்று சொன்னோமோ, அதே அரசின் அலுவலகத்துக்குப் போனது பிறகு கேள்வியாக வரலாம். ஊரில் இருப்பவருக்கு இது தெரியாது. ‘ஒரு கையெழுத்துத்தானே’ என்றுதான் நினைப்பார். கோபிக்காமல் விளக்கினால் விளங்கிக்கொள்வார்.

அற்றோணி கொடுப்பதென்றாலும் அதை இரண்டாகப் பிரிக்கலாம். பத்திரம் எடுக்க, நிலம் அளக்க, வழக்குப் போட என்று எழுதிய தத்துவம் இப்போது. விற்பதற்கான தத்துவம், விலையும் வாங்குபவரும் தெரிந்த பிறகு. ‘எல்லாம் செய்யலாம்’ என்ற பொதுத் தத்துவத்தை முதல் நாளே கொடுத்தால் பிறகு பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.

எப்படிச் சொல்வது?

ரொறன்ரோத் தங்கச்சி அண்ணனோடு கதைத்த பிறகு, அதையே எழுத்திலும் அனுப்பினார். ஏறக்குறைய இப்படி:

“அண்ணை, காணி விக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. இந்த ஆளுக்கு, இந்த மூண்டு கிழமைக்குள்ள ஏலாது எண்டுதான் சொல்லுறன். உங்கட 14 இலட்சத்தை நானும் தம்பியும் ஆளுக்கு ஏழு இலட்சமாய் இந்த மாதமே அனுப்புறம். அது உங்கட பங்கில முற்பணம், வட்டி இல்லை. காணியை அளந்து, விலை எடுத்து, வழக்கையும் தொடங்குவம். ஆகஸ்ட் 31 ஆம் திகதி மூண்டு பேரும் கதைச்சு, விக்கிறதோ வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுப்பம். அண்டைக்கு விக்கிறதெண்டால் நான் மறிக்கமாட்டன்.”

இதில் மறுப்பு இரண்டாவது வரியிலேயே தெளிவாக வந்துவிடுகிறது. அண்ணனின் தேவைக்குப் பதில் இருக்கிறது. முடிவெடுக்கும் நாள் இருக்கிறது. கடைசி வரி தங்கச்சியைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் அண்ணன் அதை நம்பினார். திகதி இல்லாத ‘பிறகு பாப்பம்’ என்பதை ஊரில் உள்ளவர்கள் ஒருபோதும் நம்புவதில்லை. அவர்கள் அதைப் பல வருடம் கேட்டவர்கள்.

பேச்சு சூடாகும் இடங்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றுதான். ‘நீங்கள் விட்டிட்டுப் போனனீங்கள்’ என்பது அங்கிருந்து வரும். ‘நீங்கள் இவ்வளவு காலம் அனுபவிச்சனீங்கள்’ என்பது இங்கிருந்து போகும். இரண்டையும் வாயால் தீர்க்கமுடியாது, கணக்கால் ஓரளவு தீர்க்கலாம். அண்ணன் கட்டிய ஆதனவரி, வேலி அடைத்த கூலி, கிணறு இறைத்த செலவு ஒரு பக்கம். தேங்காய் விற்ற காசு, வளவை வாடகைக்கு விட்ட காசு மற்றப் பக்கம். இந்தக் குடும்பத்தில் செலவு 3 இலட்சத்து 60 ஆயிரம், வரவு 1 இலட்சத்து 20 ஆயிரம். மீதி 2 இலட்சத்து 40 ஆயிரம் அண்ணனுக்குச் சேரவேண்டியது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவுகளை அண்ணனின் சொல்லை நம்பி ஏற்றார்கள். தான் செய்ததை ஒருவர் எழுதி வைத்ததே அண்ணனுக்குப் பெரிது. அதன் பிறகு ‘விட்டிட்டுப் போனனீங்கள்’ என்ற பேச்சு குறைந்தது.

வேறு சில ஒழுங்குகளும் உதவின. இரண்டு கிழமைக்கு ஒரு அழைப்பு, அதில் மூன்று கூடப்பிறந்தவர்கள் மட்டும். கணவன்மார், மனைவிமார் தங்கள் வீட்டில் கருத்துச் சொல்லலாம், அழைப்பில் இல்லை. காணி விடயம் குடும்பக் குழுவில் பேசப்படாது. அங்கே பிறந்தநாள் வாழ்த்து மட்டும். ஒவ்வொரு அழைப்பின் பிறகும் தம்பி நாலு வரியில் என்ன முடிவானது என்று எழுதி அனுப்பினார். இரவில் குரல் பதிவு அனுப்புவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். ரொறன்ரோவில் இரவு பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் விடிந்திருக்கும். ஒருவர் களைத்திருக்கும் நேரத்தில் மற்றவர் புதிதாகச் சண்டைக்கு வருவார்.

கணக்கு எப்படி முடிந்தது?

அளந்தபோது காணி ஆறு பரப்பு அல்ல, ஐந்தே முக்கால். ஒழுங்கைக்குப் போன கால் பரப்பு. முதல் வாங்குபவரோடு ஆறு பரப்பென்று உறுதி எழுதியிருந்தால் அந்தக் கால் பரப்பு ஒரு வழக்காக வந்திருக்கும். ஆகஸ்டில் மூவரும் விற்பது என்று முடிவெடுத்தார்கள். மரணசாதன வழக்கு முடிந்து, அடுத்த வருடம் தை மாதத்தில் பரப்பு 24 இலட்சத்துக்கு விற்றார்கள். மொத்தம் 138 இலட்சம். அளவை, மதிப்பீடு, வழக்குச் செலவு 3 இலட்சத்து 60 ஆயிரம். அண்ணனின் பராமரிப்பு 2 இலட்சத்து 40 ஆயிரம். இரண்டையும் கழித்தால் 132 இலட்சம், ஆளுக்கு 44 இலட்சம்.

அண்ணனுக்கு 44 இலட்சத்தோடு பராமரிப்புக் காசு சேர்ந்து, முன்பு வாங்கிய 14 இலட்சம் கழிந்து, 32 இலட்சத்து 40 ஆயிரம் கையில் வந்தது. தங்கச்சிக்கும் தம்பிக்கும் தாங்கள் கொடுத்த ஏழோடு ஆளுக்கு 51 இலட்சம். வரியை அவரவர் தம் பங்குக்குப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனைப் பொறுத்தவரை, முன்பு வாங்கிய 14 ஐயும் சேர்த்து 46 இலட்சத்து 40 ஆயிரம். அவசரமாக விற்றிருந்தால் 40 தான், அதுவும் கால் பரப்புப் பிரச்சினை வராமல் இருந்தால்.

பொறுத்தால் எப்போதும் கூடத்தான் கிடைக்கும் என்று இதை எடுக்கக்கூடாது. விலை இறங்கியிருக்கலாம். ரூபாவும் ஆடக்கூடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. வெளிநாட்டுக் காசில் கணக்குப் பார்க்கும் எங்களுக்குப் பொறுமையால் வரும் நட்டமும், ரூபாவில் சீவிக்கும் அண்ணனுக்கு வரும் நட்டமும் ஒன்றல்ல. அதனால்தான் பொறுக்கச் சொல்பவர், பொறுப்பதன் செலவில் ஒரு பகுதியைத் தானும் ஏற்கவேண்டும். இந்தக் குடும்பத்தில் அது வட்டியில்லாத 14 இலட்சமாக இருந்தது. அவ்வளவு கொடுக்க வசதி இல்லாதவர்கள், கடன் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லலாம். நில அளவைச் செலவை ஏற்கலாம். எதுவுமே ஏற்கமுடியாது என்றால், குறித்த திகதியை இன்னும் முன்னுக்குக் கொண்டுவரவேண்டும்.

திகதி வந்தபிறகும் எங்களுக்கு விற்க மனமில்லை என்றால் என்ன செய்வது? அப்போது காணியைப் பிரிப்பதுதான் வழி. ஐந்தே முக்கால் பரப்பை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்புக்குச் சற்றுக் குறைவு. வழியும் கிணறும் பொதுவாக விட்டு, மூவரும் சம்மதித்து நொத்தாரிசு முன் பிரிவினை உறுதி எழுதலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை. அண்ணன் தன் துண்டை விற்பார், நாங்கள் எங்கள் துண்டை வைத்திருப்போம். துண்டு துண்டாக விற்றால் விலை குறையும் என்று அண்ணன் சொன்னால், அது நியாயமான பேச்சு. அந்தக் குறைவு எவ்வளவு என்று விலைமதிப்பாளரிடம் கேட்டு, அதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் பேசவேண்டும்.